எல்லா அறையிலும் விழுந்த நிழல்

குற்றாலத்தில் இருக்கும் அந்த லாட்ஜுக்குள் நான் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. ஆனாலும் அதன் நடையில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த ஜன்னலில் காலை வெயில் விழும் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். முழு லாட்ஜையும் கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்தவன் என் கூட்டாளி. கல்லூரியில் ஒரே வகுப்பு. சென்னையில் ஆளுக்கொரு கேம் கம்பெனியில் மாரடித்துவிட்டு, போதும்டா சாமி என்று ஊருக்குத் திரும்பி, தென்காசியில் உரக்கடை ஒன்றின் மாடியில் ஆபீஸ் போட்டோம். ஆபீஸ் என்றால் இரண்டு சிஸ்டம், ஒரு ஃபேன், கீழேயிருந்து ஏறி வரும் யூரியா வாடை. வெளியூர் கேம் கம்பெனிகளுக்கு வீடு, தெரு, படிக்கட்டு என்று கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடல் செய்து கொடுப்போம். உள்ளூர் வேலை வந்தால் அதையும் விடுவதில்லை.

லாட்ஜ் வேலை அப்படி வந்ததுதான். சாரல் சீசன் ஆரம்பிக்கும் முன்னால், மொத்தமாக மாடியையே வாடகைக்குப் பிடிக்கும் ஆட்களுக்கு லாட்ஜைக் காட்ட வேண்டும். அவர்கள் போனிலேயே லாட்ஜுக்குள் நடந்து பார்க்கிற மாதிரி செய்து தாருங்கள் என்று லாட்ஜ்கார அண்ணாச்சி கேட்டார். கூட்டாளி நேரில் போய் அளந்து, போட்டோ எடுத்து வந்து வேலையை ஆரம்பித்தான். முக்கால்வாசி முடித்திருந்தான். மாசி மாதத்தில் ஒரு நாள் புளியரை ரோட்டில் லாரி ஒன்று அவன் பைக்கில் மோதியது. அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் சிஸ்டத்தைத் திறந்தேன். அண்ணாச்சிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, சீசனோ நெருங்குகிறது. அவன் ஃபைலை எடுத்து, லாட்ஜின் மாடியில் நடந்து பார்த்தேன். முதல் அறைக்குள் நுழைந்ததும் அப்படியே மவுஸை நிறுத்தினேன். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெயில் கட்டமாக விழுந்திருந்தது. அந்த வெயிலுக்குள் ஒரு ஆளின் நிழல். அறையில் ஆள் இல்லை. கட்டில் உண்டு, ஒரு நாற்காலி உண்டு, ஜன்னலில் திரைச்சீலை உண்டு, வேறொன்றும் இல்லை.

அடுத்த அறைக்குப் போனேன், அங்கேயும் நின்றது. நடையைத் தாண்டி எதிர் வரிசைக்குப் போனேன். அங்கே நிழல் வலமிடமாகத் திரும்பி நின்றது. கதவைத் திறந்த ஒவ்வொரு அறையிலும் எனக்கு முன்னாலேயே அது போய் நின்றுகொண்டிருந்தது. ஓரமெல்லாம் மங்கி, அங்கங்கே பூஞ்சை பிடித்த மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. இடது தோள் மட்டும் நன்றாகச் சரிந்து தொங்கியது. என் கூட்டாளிக்கு இடது தோள் சரிவு. வருஷக் கணக்காக லேப்டாப் பையை ஒரே தோளில் மாட்டி மாட்டி அப்படி ஆகியிருந்தது. ‘ஏலே, கோணத்தோளா’ என்றுதான் நான் அவனைக் கூப்பிடுவேன்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பட்டப்பகலில், கீழே உரமூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ‘சவத்த, வேலையைப் பாரு’ என்று என்னை நானே திட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

பிடி கிடைத்தது மேற்கு வரிசை அறைகளில். மாடலில் அவன் வைத்திருந்த சூரியன் காலைச் சூரியன். கிழக்கு ஜன்னல் வழியாகத்தான் வெயில் வரும். மேற்கு அறையில் வெயிலே விழ வழியில்லை. அப்புறம் எப்படி அங்கே வெயில் கட்டமும் நிழலும்? இல்லாத வெயிலுக்கு ஏது நிழல்? அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. இது பேய் வேலை இல்லை, நம்ம வேலைதான் என்று புரிந்தது.

போனில் ஓடும் விஷயத்துக்கு வெளிச்சத்தை நொடிக்கு நொடி கணக்குப் போட்டால் போன் தாங்காது. அதனால் எந்தச் சுவரில் எவ்வளவு வெயில், எங்கே நிழல் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒரு படமாகப் பதித்து வைத்துவிடுவோம். லைட்மேப் பேக் செய்வது என்போம். அந்தப் படத்தில் எந்த இடம் எந்தச் சுவருக்கு என்று சொல்வதுதான் யூவி. மாடலின் மேல்தோலைக் கத்தரித்துத் தட்டையாக விரித்து வைத்த மாதிரி. விரித்த துண்டு ஒவ்வொன்றும் ஒரு ஐலண்ட்.

சுண்ணாம்பு, பெயின்ட், டைல்ஸ் இதற்கெல்லாம் முதல் யூவி சேனல், அதாவது முதல் விரிப்பு. அதில் பத்துச் சுவரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாலும் தோஷமில்லை, எல்லாச் சுவருக்கும் ஒரே பெயின்ட்தானே. வெளிச்சத்துக்கு அது ஆகாது. ஒவ்வொரு சுவரிலும் விழும் வெயில் வேறு வேறு. அதனால் வெளிச்சத்துக்கென்று இரண்டாவது சேனல் போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனி இடம் ஒதுக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படவே கூடாது. வத்தல் காயப்போடுகிற மாதிரி நடுவில் இடைவெளியும் விட வேண்டும்.

குற்றாலத்து லாட்ஜ்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் நடை, இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி அறைகள். கூட்டாளி ஓர் அறையைச் செய்து, அதை வரிசையாக நகலெடுத்து, எதிர்ப் பக்கத்துக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டு, மொத்த மாடியையும் ஒரே மாடலாக ஒட்டிவிட்டான். எல்லா அறைச் சுவரும் யூவியில் ஒரே இடத்தில் குவிந்துவிட்டன. இரண்டாவது சேனலும் போட்டிருந்தான், அதுதான் கொடுமை. நாங்கள் மாடல் செய்யும் மென்பொருளில் புது சேனல் போட்டால் அது பழைய சேனலின் நகலாகத்தான் பிறக்கும். அதை அழித்துவிட்டு நாம்தான் புதிதாக விரிக்க வேண்டும். இவன் பட்டனை அமுக்கியதோடு சரி. மாடலைப் போனில் ஓட்டும் எஞ்சினும் இரண்டாவது சேனல் இருக்கிறது என்று நம்பி அதிலேயே பேக் செய்துவிட்டது. ‘ஓவர்லாப் ஆகுது’ என்று எச்சரிக்கையும் காட்டியிருக்கிறது. அவன் அதை எங்கே பார்த்தான்! ‘கடைசியில பாத்துக்கிடலாம்ட்டி’ என்பதுதான் அவன் வேதவாக்கு.

அதாவது, எத்தனை அறைகளோ அத்தனை சுவர்களின் வெளிச்சமும் படத்தில் ஒரே இடத்தில் போட்டி போட்டுக்கொண்டு விழுந்திருக்கிறது. கொஞ்சம் இந்தச் சுவர், கொஞ்சம் அந்தச் சுவர். அதனால்தான் திட்டுத் திட்டாக இருந்தது. ஏதோ ஓர் அறையில் இருக்கிற எதுவோ ஒன்றின் நிழல் எல்லா அறைகளுக்கும் போயிருக்கிறது. நாற்காலி முதுகும் திரைச்சீலையும் சேர்ந்து ஆள் மாதிரி தெரிகிறது என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒழுங்காக விரித்துவிட்டால் போய்விடும்.

அன்றைக்கே செய்திருந்தால் தீர்ந்திருக்கும். அன்று சாயங்காலம் அவன் மனைவி ஆபீஸுக்கு வந்தாள். அவன் பையையும் சார்ஜரையும் எடுத்துப் போக வந்தவள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள், வேலை முடிந்து அப்படியே வந்திருந்தாள். அவன் போனதிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஊரே பேசியது. சிலர் தப்பாகக்கூடப் பேசினார்கள். பேசுகிற வாய்க்கு என்ன! அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். திரையில் அந்த அறை திறந்திருந்தது.

“அக்கா,” என்றாள். “அவிய நிக்காவ.”

“இல்லட்டி, அது லைட்டு தப்பா விழுந்திருக்கு. கோளாறு அது,” என்றேன்.

“தோளைப் பாருங்க. அவியதான்.” அவள் குரலில் பயம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நம்ம ஆளைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. “நான் கொஞ்ச நேரம் இங்கன இருக்கட்டுமாக்கா?”

நாற்காலியை விட்டுக் கொடுத்தேன். மவுஸைப் பிடித்து எப்படி நடப்பது என்று சொல்லியும் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? புருஷனைப் பறிகொடுத்தவளிடம் ‘எந்திரிட்டி, ஓவர்லாப்பைச் சரி செய்யணும்’ என்றா சொல்ல முடியும்?

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். லேபிலிருந்து நேராக எங்கள் மாடிதான். பேசவே மாட்டாள். ஓர் அறைக்குள் போவாள், நிழலுக்கு முன்னால் நிற்பாள், பிறகு அடுத்த அறை. எங்கே போனாலும் அவன் இருந்தான் அல்லவா, அது அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. நான் பக்கத்து சிஸ்டத்தில் வேறு வேலை பார்ப்பதுபோல உட்கார்ந்திருப்பேன். முதுகுக்குப் பின்னால் ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் இருக்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். எனக்கே அந்த நிழல் மெல்ல மெல்ல அவனாகிக்கொண்டு வந்தது. காலையில் ஆபீஸைத் திறந்தால் அந்தத் திரைப் பக்கம் பார்த்து, ‘ஏலே’ என்று வாய் வரை வந்துவிடும்.

ஒரு நாள் அவளுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. மூன்று வயது மகள் பேசினாள் போல. இவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அப்பாகூடதான் இருக்கேன்ட்டி. அப்பா லாட்ஜ்ல வேல பாக்காவ. நீ ஆச்சிகிட்ட சாப்பிட்டுத் தூங்கு.”

இது வரைக்கும் இரக்கம் என்று நினைத்துச் செய்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. இந்தப் பெண்ணை நான் கண்ணெதிரே ஒரு கிணற்றுக்குள் இறங்க விட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் இவள் ஏறி வர மாட்டாள், பிள்ளையும் சேர்ந்து இறங்கிவிடும்.

லாட்ஜ்கார அண்ணாச்சிக்கும் பொறுமை போய்விட்டது. பாதி வேலையையாவது காட்டு என்று நச்சரித்து, ஒரு நாள் ஆபீஸுக்கே வந்துவிட்டார். திரையைப் பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

“என்னம்மா இது, ரூமுக்கு ரூம் ஒரு ஆளு நிக்கான்! பேய் லாட்ஜுன்னு பேரு எடுத்தா சீசனுக்கு எவன் வருவான்? நல்லாருப்ப, இந்தச் சனியனை மொதல்ல தூக்கு!”

“சனியன்னு சொல்லாதீங்க அண்ணாச்சி,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “சரிம்மா, சரிம்மா,” என்று படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று வேலையை ஆரம்பித்தேன். முதலில் குறுக்குவழி பார்த்தேன். எஞ்சினிலேயே லைட்மேப் யூவியைத் தானாகப் போட்டுக்கொள்ளும் வசதி உண்டு, ஒரு டிக் அடித்தால் போதும். அதுவும் விரித்துத் தந்தது. ஆனால் துண்டுகளை நெருக்கி அடுக்கிவிட்டது. ஒரு துண்டின் இருட்டு பக்கத்துத் துண்டுக்குள் கசிந்து, மூலைக்கு மூலை, ஜன்னல் ஓரத்துக்கு ஓரம் கறுப்புக் கோடு ஓடியது. உள்ளே நடந்து பார்த்தால் சுவரெல்லாம் விரிசல் விட்ட பாழடைந்த பங்களா மாதிரி இருந்தது. நல்லா விளங்கும் என்று அதை மூடிவிட்டு, கையாலேயே செய்வதென்று உட்கார்ந்தேன்.

கூட்டாளி போட்டிருந்த அந்த நகல் சேனலைக் காலி செய்தேன். ஒவ்வொரு அறையின் ஒவ்வொரு சுவரையும் மூலையோரமாக வெட்டி, தனித் தனியாக விரித்து, ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கினேன். பெரிய சுவருக்குப் பெரிய இடம், ஜன்னல் திண்டுக்குச் சின்ன இடம். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் நல்ல பேடிங், அதாவது இடைவெளி. பேடிங்கை லைட்மேப் படத்தின் புள்ளிக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். படம் சின்னதானால் அதே இடைவெளியில் புள்ளிகள் குறைந்துபோய் மறுபடி கசியும். அவன் கட்டிய சுவர்களை ஒன்றொன்றாகப் பிரிக்கையில், சொல்ல வெட்கமில்லை, அழுதுகொண்டுதான் செய்தேன். வேலையை அவ்வளவு அழகாகச் செய்திருந்தான், மூதி. ஒரு முனை கோணவில்லை. இந்த ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவளுக்குத் தெரியாமல் பேக் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் அவள் வந்ததும் நாற்காலியில் உட்கார வைத்து, உள்ளதைச் சொன்னேன். எல்லா அறைக்கும் ஒரே இடத்தில் வெளிச்சம் பதிந்ததால்தான் இப்படி, இப்போது பிரித்துவிட்டேன், இந்தப் பட்டனை அமுக்கினால் நிழல் போய்விடும்.

அவள் மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, “அமுக்காம இருந்தா என்னக்கா?” என்றாள்.

“ஒம் பிள்ள ஒன்ன எதிர்பாத்துக்கிட்டு இருக்குட்டி.”

“அவியளும்தான் எதிர்பாத்துக்கிட்டு நிக்காவ.”

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, அவன் மேலா, அந்த லாரிக்காரன் மேலா, தெரியாது. “அமுக்கத்தான் போறேன்,” என்று அமுக்கிவிட்டேன். திரையின் ஓரத்தில், எவ்வளவு முடிந்தது என்று காட்டும் நீலப் பட்டை ஊர்ந்து நகர்ந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தன.

முடிந்ததும் அவள்தான் மவுஸை எடுத்தாள். முதல் அறை. வெயில் வெள்ளையாக, சுத்தமாகச் சுவரில் விழுந்திருந்தது. யாரும் இல்லை. மேற்கு வரிசைக்குப் போனாள். அங்கே வெயிலே இல்லை, சாம்பல் நிற வெளிச்சம், வெறும் சுவர். அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்து திறந்து தேடினாள். கிழக்கு வரிசையில் ஓர் அறையில் மட்டும் சுவரில் சாய்வாக ஒரு நிழல் விழுந்திருந்தது. ஜன்னலின் பலகைக் கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தான், அதன் நிழல். எனக்கு மனசு லேசாகிக்கொண்டு வந்தது. அப்பாடா, போய்விட்டான் என்று நினைத்தேன்.

அதே கிழக்கு வரிசையின் கடைசி அறைக் கதவைத் திறந்தாள். அங்கே நின்றான்.

மங்கலே இல்லை, திட்டே இல்லை. வெட்டி ஒட்டிய மாதிரி, தலை, கழுத்து, தோள், கை என்று முழு ஆளின் நிழல். நான் ‘எம்மா’ என்று கத்தியேவிட்டேன். சரி செய்தால் போய்விடும் என்று நினைத்தது சரி செய்த பிறகுதான் நன்றாகத் தெரிந்தது. அறையில் அப்போதும் ஆள் இல்லை.

அவள் கத்தவில்லை. மவுஸை விட்டுவிட்டு, திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள். அந்தச் சுவரின் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்தது. பார்த்தாள், பார்த்தாள், அப்படிப் பார்த்தாள்.

“தோள் நேரா இருக்கேக்கா,” என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் நானும் பார்த்தேன். இரண்டு தோளும் ஒரே மட்டம். சரிவு இல்லை. எனக்குள் ஏதோ தட்டியது. ஃபைலுக்குள் போய் அந்த அறையில் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கட்டில், நாற்காலி, திரைச்சீலை, அப்புறம் ஒரு ஆள். வாசலும் ஜன்னலும் மனுஷ உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் எல்லாரும் வைக்கும் அளவுப் பொம்மை. ஜன்னலோரம் நிறுத்தியிருக்கிறான். யாருக்கோ படம் எடுத்து அனுப்பும் அவசரத்தில் போலும், பொம்மையை அணைக்காமல், ‘நிழல் மட்டும்’ என்கிற நிலையில் போட்டிருக்கிறான். அப்படிப் போட்டால் ஆள் கண்ணுக்குத் தெரியாது, நிழல் விழும். பிறகு மறந்திருப்பான். பழைய படத்தில் இந்த அறையின் நேரான தோள் மேல், சற்று முன் பார்த்த அறையின் பலகைக் கதவு நிழல் சாய்வாக விழுந்து, இரண்டும் கலந்து, நாங்கள் இருவரும் அவன் தோளைப் பார்த்துவிட்டோம்.

பொம்மையைக் கண்ணுக்குத் தெரிய வைத்தேன். சாம்பல் நிறத்தில், மூக்கு முழி எதுவும் இல்லாமல், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

“யாருக்கா இது?”

“யாரும் இல்லட்டி. அளவுப் பொம்மை.”

“அவிய செஞ்சதா?”

“இல்ல. மென்பொருளோட சும்மா வாரது. எல்லாருக்கும் இதேதான்.”

அவள் தலையை ஆட்டினாள். கண்டுபிடித்த சந்தோஷம் வடிந்து அவள் முகம் சட்டென்று மூப்பாகிவிட்டது. அந்தப் பொம்மையையும் அதன் நிழலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, பச்சைப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள்:

“அப்ப அவிய எங்கனக்கா?”

அந்த ஃபைலில் எந்தச் சுவரில் எந்தப் புள்ளி ஏன் கறுப்பு என்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது ஓர் இடத்தைச் சொல்லிவிட்டால் எழுந்து போய்விடுவாள் போல இருந்தது.

“எங்கனயும் இல்ல, அப்படித்தானக்கா?” என்றாள் அவளே. “அவிய இல்ல.”

“இல்லட்டி,” என்றேன்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாற்காலியிலிருந்து தரைக்கு நழுவி, தலையில் அடித்துக்கொண்டு, கீழே கடையில் சாமான் வாங்க வந்தவர்களெல்லாம் படியேறி வந்து பார்க்கும்படி அவள் அழுதாள்.